டெங்கு காய்ச்சல் விட்ட அன்னைக்குத்தான் கவனமா இருக்கோணும்

ஐப்பசி மழை பிடிச்சாச்சுங்க. போன வாரம் கோபி பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் பளிச்சுன்னு இருந்துச்சு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற தட்டை உருவிப் பார்த்தா, கொசுப்புழு நெளியுது!

டெங்கு கொசு சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணிதான் அதுக்கு வேணும். குழாய்த் தண்ணி எப்பவோ ஒரு நாள் வருதுன்னு டிரம்முல பிடிச்சு வைக்கறோமில்ல, அங்கதான். தோப்புல மல்லாந்து கிடக்கற கொட்டாங்குச்சியும், மாடியில போட்ட பழைய டயரும் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். அதனால வாரம் ஒருக்கா தண்ணியைக் கொட்டி, பாத்திரத்தோட உள்சுவரை நாரு போட்டுத் தேய்ங்க. சும்மா கவுத்தா பத்தாது. ஒட்டின முட்டை காஞ்சும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். கடிக்கறது பகல்லங்க, பகல்ல தூங்கற குழந்தைக்கும் வலை கட்டுங்க.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோட. ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். மெடிக்கல்ல ‘கலர் கலரா நாலு மாத்திரை’ கேக்கற பழக்கத்தை விட்டுருங்க. நிலவேம்பு குடிச்சாலும் டாக்டரைப் பார்க்கறதைத் தள்ளிப்போடாதீங்க.

காய்ச்சல் வந்த மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, அது இறங்கற நேரத்துலதான் ஆபத்து அதிகம். கடும் வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கருப்பா மலம், கைகால் சில்லுன்னு ஆகறது, ஒண்ணுக்குக் குறையறது, இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. 108 இருக்கு.