ஞாயிறு காலை ஓடையைச் சுத்தம் செய்கிறோம், வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க

தெரு மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு நம்ம பிள்ளையார் கோயில் முக்கில் கூடுகிறோம். கோயிலில் இருந்து கீழே சிறுபாலம் வரைக்கும் ஓடையைச் சுத்தம் செய்யணும். 11 மணிக்கு முடித்துவிடலாம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதைச் செய்தாகணும். சிறுபாலத்துக் குழாய் வாயில் ஒரு பழைய மெத்தை, அதன்மேல் கவர், பேம்பர்ஸ், செடிகொடி எல்லாம் சேர்ந்து பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கிறது. அங்கே தண்ணீர் போக வழியில்லை என்றால் ரோட்டைத் தாண்டி, கீழ் லைன் வீடுகளின் தடுப்புச் சுவருக்குள் இறங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்ம குப்பையால் நம்ம ஆட்கள் வீட்டுக்கு ஆபத்து வரக்கூடாது. காட்டுமாடுகளும் சோத்து வாசத்துக்குக் கவரோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போகின்றன, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

கம் பூட்ஸ் இருந்தால் போட்டு வாங்க. அட்டை இருக்கும், கொஞ்சம் உப்பு எடுத்துக்கொள்ளுங்க. மண்வெட்டி, அரிவாள், காலி உரச்சாக்கு இருப்பவர்கள் கொண்டு வரணும். கையுறையும் டீயும் சங்கத்துப் பொறுப்பு. உடைந்த பாட்டில் நிறைய கிடப்பதால் ஓடைக்குள் பெரியவர்கள் மட்டும்தான் இறங்கணும். பிள்ளைகள் மேலே ரோட்டில் தரம் பிரிக்கட்டும். உடையாத டாஸ்மாக் பாட்டிலைத் தனியாக வைங்க. ஸ்டிக்கர் இருந்தால் கடையில் 10 ரூபாய் திருப்பித் தருவார்கள், அது டீச் செலவுக்கு ஆகும். குப்பை ஏற்ற 11 மணிக்கு டிராக்டர் வரும், சொல்லியாச்சு.

விடியற்காலையில் யாரும் தனியாக முன்னாடி போய் இறங்க வேண்டாம். கரடி நடமாட்டம் இருக்கிறது.

மழை வந்தால்: பனிமூட்டம், தூறல் என்றால் வேலை நடக்கும். பலமாகப் பெய்தாலோ, முந்தின இரவே கனமழை பெய்திருந்தாலோ ஓடைக்குள் இறங்க மாட்டோம். மேலே பெய்கிற தண்ணீர் நமக்கு வெயில் அடிக்கும்போதுகூடத் திடீரென்று வந்துவிடும். காலை 6.30க்குள் இந்தக் குழுவில் சொல்லிவிடுகிறோம், டீக்கடைப் பலகையிலும் எழுதி வைப்போம். நடுவில் மழை பிடித்தால் எல்லாரும் சமுதாயக் கூடத்துக்கு ஏறிவிடணும், எடுத்த குப்பையை அங்கே பிரிக்கலாம்.

தள்ளிப்போனால் அக்டோபர் 26, அதே இடம், அதே நேரம். 19ஆம் தேதி தீபாவளிக்கு முந்தின நாள், யாருக்கும் ஓய்வு இருக்காது. 26ஆம் தேதியும் மழை என்றால் ரோட்டோரச் சாக்கடையையும் சிறுபாலத்து வாயையும் மட்டும் மேலே நின்றபடி கொக்கி போட்டு இழுத்து எடுப்போம். அதை மட்டும் தள்ளிப்போட முடியாது.

வருகிறவர்கள் வீட்டுப் பெயர், எத்தனை பேர், என்ன கருவி என்று வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்க. போன் இல்லாதவர்கள் டீக்கடை நோட்டில் எழுதலாம். பக்கத்து வீட்டுப் பாட்டி தாத்தாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. இறங்க முடியாதவர்கள் நோட்டையும் டீயையும் பார்த்துக்கொண்டால் பெரிய உதவி.

தெரு நலச் சங்கம், குன்னூர்