நாளுக்கு 10 ஆர்டர் நேரே வந்தால், சொந்த டெலிவரி கட்டுப்படியாகும்

வெள்ளவத்தைக் கடை, 22 ஸ்லைடுகளின் சாரம் (ஆகஸ்ட்–ஒக்டோபர் மாதச் சராசரி)

மாத விற்பனை 48 லட்சம் ரூபா. அதில் டெலிவரி ஆப் வழியாக வருவது 15 லட்சம். கமிஷன் 25 வீதம், அதாவது மாதம் 3,75,000 ரூபா.

ஆப் ஆர்டர்களில் நூற்றுக்கு 70, கடையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை. இந்த எல்லைக்குள் நாளுக்குச் சுமார் 20 ஆர்டர், ஒன்று சராசரி 1,700 ரூபா.

சொந்த டெலிவரிச் செலவு மாதம் 1,27,500 ரூபா
இரண்டு பேர் சம்பளம் 90,000
ஈபிஎஃப், ஈடிஎஃப் (12 + 3 வீதம்) 13,500
பெற்றோல், சர்வீஸ் 24,000

நேரே வரும் ஆர்டர் ஒன்றுக்கு மிச்சமாகும் கமிஷன் 425 ரூபா. நாளுக்கு 10 ஆர்டர்: கையைக் கடிக்காது. 15 ஆர்டர்: மாதம் 63,750 ரூபா மிச்சம்.

கேட்பது: ஜனவரி முதல் மார்ச் வரை பரீட்சார்த்தம். ஆப்பை நிறுத்தப் போவதில்லை. மார்ச்சில் நாளுக்கு 10 எட்டவில்லையென்றால் மூடிவிடுவோம்.

பேசுவதற்கான குறிப்பு (திரையில் வராது)

மாமா முதலில் கேட்கப்போவது, "ஏன் இரண்டு பேர், ஒருவன் போதாதா?" என்றுதான். பத்து ஆர்டரும் நாள் முழுக்கப் பரவி வந்தால் ஒருவர் போதும். ஆனால் முக்கால்வாசி இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் வருகிறது. காலி வீதியில் அந்த நேரம் எப்படி என்று அவருக்கே தெரியும். இடியப்பம் பொறுத்துக்கொள்ளும், சொதி பொறுக்காது: ஆறிப்போய், மூடி கசிந்து, பை நனைந்து போய்ச் சேரும். 14ஆம் ஸ்லைடில் இருக்கும் முறைப்பாடுகளில் பாதி இந்தச் சொதிப் பை பற்றியதே. அதை வாயால் சொன்னால் போதும், ஸ்லைடைத் திறக்க வேண்டாம்.

வண்டி வாங்கும் செலவு இல்லை, பெடியன்கள் தங்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். இதைச் சொல்ல மறக்கக் கூடாது. போன தடவை கூட்டம் வண்டி விலையிலேயே முடிந்துபோனது.

கொட்டாஞ்சேனைக் கிளை பற்றிய ஆறு ஸ்லைடுகளையும் இதில் சேர்க்கவில்லை. சின்ன மாமாவுக்கு அதில் ஆசை, ஆனால் அது வேறு முடிவு. கேட்டால் 17ஆம் ஸ்லைடின் முற்பண வாடகையை மட்டும் காட்டலாம்.

பலவீனமான இடம் ஒன்று உண்டு. எத்தனை பேர் ஆப்பை விட்டு எங்கள் போனுக்கு மாறுவார்கள் என்பதற்கு இன்னும் ஆதாரம் இல்லை, பார்சல் பையில் ஒட்டிய நம்பரைப் பார்த்து நவம்பரில் நேரே கூப்பிட்டவர்கள் நாளுக்கு நாலு பேர்தான். மாமா கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த நாலு பத்தாகுமா என்று பார்க்கத்தான் மூன்று மாதம் கேட்கிறோம்.