செல்விக்கு, கண்காட்சி திறந்த மறுநாள்

அன்புள்ள செல்வி,

மனம் நிறைந்த வாழ்த்துகள். திறப்பு விழாக் கூட்டத்தில், தோளில் பொன்னாடையோடு நின்றவளிடம் படங்களைப் பற்றிப் பேச முடியாது. அதை எழுத்தில்தான் சொல்ல வேண்டும்.

வேதாரண்யத்து உப்பளத்தை லினோவில் செதுக்கி அச்சிடப் போகிறாய் என்றபோது, இவ்வளவு வெள்ளையை எப்படிச் சமாளிப்பாய் என்ற கேள்வி இருந்தது. பதில் சுவரில் இருக்கிறது. ஒரே கட்டையை நிறத்துக்கு நிறம் செதுக்கிக்கொண்டே போகும் முறையில் முதலில் வெட்டி எடுப்பது வெள்ளையைத்தான். அங்கே மை படவே கூடாது. ஆக, உன் படங்களில் உப்பு என்று தெரிவதெல்லாம் வெறும் தாள். உப்பு எங்கே இருக்கும் என்பதை, மற்ற நிறம் எதுவும் விழுவதற்கு முன்பே முடிவு செய்திருக்கிறாய். அப்புறம் மனம் மாறினால் திருத்த வழியில்லை. முதல் கண்காட்சிக்கு இந்த முறையை எடுக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

'ஈரப் பாத்தி' ஐந்து நிறம். ஐந்து முறையும் தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வரப்பு ஓரத்தில் வெளிர்மஞ்சள் எட்டிப் பார்த்துவிடும். உன் வரப்பில் ஒரு இடத்தில்கூட அது இல்லை. சென்னைக் காற்றின் ஈரத்தில் எண்ணெய் மை சீக்கிரம் காயாது. காயாத மைமேல் அடுத்த நிறத்தை ஏற்றினால் அது பிடிக்காமல் புள்ளி புள்ளியாக நிற்கும். உன் கறுப்பு தட்டையாக, பட்டுப்போல விழுந்திருக்கிறது. நாள் கணக்கில் பொறுத்திருக்கிறாய் என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. 20 தாளில் ஆரம்பித்து 14 தேறியது நல்ல கணக்குதான், குறைபட்டுக்கொள்ளாதே.

2018 நவம்பர் கஜா புயலைப் பற்றிய படத்தில் விழுந்த தென்னைகளைக் காட்டாமல், தார்ப்பாய் பறந்துபோன உப்புக் குவியலை மட்டும் வைத்திருக்கிறாய். மழையில் கரைந்த பக்கத்துக்கு நீ பிடித்த நுண்கோடுகள்தான் முழுக் கண்காட்சியிலும் சிறந்த இடம். 'பலகைக்காரர்' படத்தில் மட்டும் முகத்தில் ஒரு நிறம் கூடுதல் என்று படுகிறது. அந்த ஆளின் முதுகே எல்லாம் சொல்லிவிடுகிறதே.

இன்னும் எட்டு நாள் இருப்பதால் சில விஷயங்கள். "இது ஒரிஜினலா, பிரிண்டா?" என்று கட்டாயம் கேட்பார்கள். வாயால் விளக்கிக் களைத்துப் போவதற்குப் பதில், வாசல் பக்கத்து மேசையில் 'ஈரப் பாத்தி' கட்டையையே வைத்துவிடு. கடைசிக் கறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் அந்தக் கட்டையைப் பார்த்தால், இனி 15-வது பிரதி எடுக்கவே முடியாது என்பது யாருக்கும் புரியும். பக்கத்தில் உருளையையும் இரண்டு உளிகளையும் வை. உளி முனையில் கார்க் செருக மறக்காதே, குழந்தைகள் வருவார்கள்.

1/14 என்று எண்ணிட்ட பிரதி 12/14-ஐவிட உசத்தி என்று நினைப்பவர்கள் உண்டு. எண் எதுவானாலும் ஒரே விலை சொல். பிரேமோடு ஒரு விலை, வெறும் தாளுக்கு ஒரு விலை என்று பட்டியலில் பிரித்துப் போடு. ஒரு பிரதி விற்றால் ஒரு சிவப்புப் பொட்டு. படத்துக்கே ஒன்று என்று ஒட்டினால், முழுதும் விற்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள்.

வடக்குச் சுவரில் மூன்றாவது பிரேமைச் சீக்கிரம் கவனி. மவுண்ட் அட்டை இல்லாமல் தாள் நேராகக் கண்ணாடியில் ஒட்டி நிற்கிறது. ஏ.சி. நின்ற இரவில் உள்ளே ஈரம் கோத்தால் மை கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் பூஞ்சை. அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் வெட்டிப் போடச் சொல். அவசரத்துக்குப் பின்பக்கம் செல்லோடேப் ஒட்ட மட்டும் விடாதே. அதன் பசை சில வருஷங்களில் மஞ்சளாகித் தாளின் முன்பக்கம் வரை ஊறிவிடும். அந்தச் சுவரில் படங்கள் கொஞ்சம் உயரமாகவும் தொங்குகின்றன. தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதிக்கு 150 சென்டிமீட்டர் இருந்தால் போதும். உன் கோடுகளைக் கழுத்தை நிமிர்த்தாமல் பார்க்க வேண்டும்.

முதல் கண்காட்சியில் எல்லோரும் மறப்பது ஒன்று: கூட்டமில்லாத காலை நேரத்தில் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று போட்டோ எடுத்து வை. அடுத்த விண்ணப்பத்துக்கு அதுதான் கேட்பார்கள். விழாப் படங்கள் உதவாது.

சனிக்கிழமை காலை 11 மணிக்குக் கதவு திறக்கும்போது வந்துவிடுகிறேன், மவுண்ட் அட்டையோடு. 'ஈரப் பாத்தி'யில் ஒன்று எனக்கு எடுத்து வை. பிரேம் வேண்டாம், எண் எதுவானாலும் சரி.

அன்புடன்,
மாலதி