ஆஃபர் லெட்டர்: வெள்ளி மாலை வரை அவகாசம் கேட்டு

வணக்கம் பிரியா,

இன்று மதியம் நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. நாளை பகல் 12 மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் ஆஃபர் ரத்தாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்துக்குள் என்னால் முடிவு சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை அவகாசம் வேண்டும்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய பில்லிங் மாட்யூலைப் பிரித்துத் திரும்ப எழுதப்போவதைப் பற்றி உங்கள் மேனேஜர் பேசியபோதே, இதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தயங்குவது லெட்டரில் உள்ள சில விஷயங்களால்தான்.

முக்கியமானது ஜாயினிங் போனஸ். இரண்டு வருடத்துக்குள் "எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும்" 1.5 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று 7ஆம் பத்தியில் இருக்கிறது. நானாக விலகினால் தருகிறேன், அது நியாயம். ஆனால் ஆட்குறைப்பில் நிறுவனமே என்னை அனுப்பினாலும் நான்தான் கட்ட வேண்டும் என்றல்லவா இதற்கு அர்த்தம்? "ஊழியர் தானாக ராஜினாமா செய்தால்" என்று மாற்றித் தாருங்கள். ஃபோனில் சொன்னால் போதாது, லெட்டரிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் சம்பளம். 18 லட்சம் சிடிசியில் 2.7 லட்சம் வேரியபிள். நிறுவனம் கட்டும் பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே அடங்குகின்றன. பிடித்தம் போக மாதம் கைக்கு வரும் தொகை எவ்வளவு, போன வருடம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று சொன்னால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவேன். கோவையிலிருந்து சிறுசேரிக்குக் குடும்பத்தோடு வர வேண்டும். வீட்டு அட்வான்ஸ், பையனின் பள்ளிச் சேர்க்கை எல்லாம் இதை வைத்துத்தான்.

லெட்டரில் 30 நாளில் சேர வேண்டும் என்று இருக்கிறது. இங்கே எனக்கு 90 நாள் நோட்டீஸ், இதை முதல் சுற்றிலேயே சொல்லியிருந்தேன். பைஅவுட் தொகையை நிறுவனம் ஏற்குமா, இல்லை சேரும் தேதியைத் தள்ளிவைப்பீர்களா?

கையில் வேறு ஆஃபர் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஆஃபர் இல்லை. வியாழக்கிழமை இன்னொரு இடத்தில் கடைசிச் சுற்று இருக்கிறது.

இப்போதைக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டீஸ் காலத்தில் பின்வாங்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. என்னை நம்பி நீங்கள் மற்றவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நான் சரி சொன்னால் வந்து சேருவேன். அதனால்தான் மூன்று நாள் கேட்கிறேன்.

கெடுவை நீட்டிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையென்றால், இந்த மெயிலை மேனேஜருக்கே அனுப்பிவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. எப்படியும் நீட்டிக்க முடியாது என்றால், நாளைக்கு என் பதில் "இல்லை" என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

நாளை காலை 9 முதல் 10 வரை ஃபோனில் பேசலாம்.

அன்புடன்,
கவிதா