வாராக்கடன் தள்ளுபடி: சிறப்பு உள் தணிக்கை கோரும் கடிதம்

ரகசியம்

அனுப்புநர்: தலைவர், தணிக்கைக் குழு
பெறுநர்: தலைமை உள் தணிக்கையாளர்
பொருள்: ஒரே விநியோகஸ்தரின் நிலுவைத் தொகையைத் தள்ளுபடி செய்தது – சிறப்புத் தணிக்கை

அன்புடையீர், வணக்கம்.

சென்ற காலாண்டில் ஒரே விநியோகஸ்தரிடமிருந்து வர வேண்டிய பாக்கி முழுவதும் வாராக்கடனாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. நமது மொத்த வர்த்தக நிலுவையில் அது 14 சதவீதம். அதற்கு முந்தைய காலாண்டில் எங்கள் முன் வைக்கப்பட்ட ஏஜிங் அறிக்கையிலோ, இதே பாக்கியில் பெரும்பகுதி 60 நாளுக்கு உட்பட்டதாகக் காட்டப்பட்டிருந்தது. மூன்று மாதத்தில் இது எப்படி மாறியது? "சந்தை மந்தம்" என்ற நிர்வாகத்தின் விளக்கம் குழுவுக்குப் போதவில்லை. எனவே சிறப்புத் தணிக்கை நடத்துமாறு குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது.

முதலில் கிரெடிட் நோட்டுகளைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த மாதிரிகளில், பழைய இன்வாய்ஸ் மாதக் கடைசியில் கிரெடிட் நோட் மூலம் ரத்தாகிறது. அடுத்த நாளே அதே சரக்குக்கு, அதே தொகைக்குப் புது இன்வாய்ஸ் பிறக்கிறது. சரக்கு திரும்பி வந்ததற்கான கிடங்குச் சீட்டு எதுவும் இல்லை. இப்படித்தான் பாக்கியின் வயது குறைக்கப்பட்டதா, யாருடைய ஒப்புதலில், எத்தனை மாதமாக என்பது தெரிய வேண்டும். கடன் வரம்பு மூன்று முறை உயர்த்தப்பட்டதையும், அதனால் யாருக்காவது ஊக்கத்தொகை கிடைத்ததா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பில் போட்ட ஊழியரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி.

அப்புறம், கணக்கு விஷயம். ஐஎஃப்ஆர்எஸ் 9-இன்படி, தக்க ஆதாரம் இல்லாவிட்டால், கெடு முடிந்து 90 நாள் தாண்டிய பாக்கியைத் தவணை தவறியதாகவே கொள்ள வேண்டும். உண்மையான வயதை வைத்துப் பார்த்தால், இந்த நஷ்டம் முந்தைய ஆண்டிலேயே பதிவாகியிருக்க வேண்டுமா? ஆம் என்றால் பழைய கணக்கைத் திருத்த நேரிடலாம். புறத் தணிக்கையாளருக்கு இப்போதே தகவல் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தணிக்கையில் நீங்கள் நேரடியாகக் குழுவுக்கே பதில் சொல்கிறீர்கள். வரைவு அறிக்கை நிதித்துறைக்கோ விற்பனைத் துறைக்கோ எங்களுக்கு முன் போகக் கூடாது. சென்ற ஆண்டு உங்கள் துறை நிலுவைத் தணிக்கையைத் திருப்திகரம் என்று முடித்தது. அதில் பணியாற்றியவர்கள் இந்தத் தணிக்கையில் வேண்டாம். அவர்கள் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன் வேலையைத் தானே சோதிப்பது யாருக்கும் கஷ்டம். தடயவியல் கணக்காளர் தேவைப்பட்டால் வெளியிலிருந்து அமர்த்துங்கள். செலவுக்குக் குழு ஒப்புதல் தந்துவிட்டது.

யாரையும் விசாரிக்கும் முன், மின்னஞ்சல்களையும் கணினிப் பதிவுகளையும் நகலெடுத்துப் பாதுகாப்பில் வையுங்கள். மோசடிக்கான அறிகுறி தென்பட்டால் அறிக்கைக்குக் காத்திராமல் அன்றைக்கே என்னை அழையுங்கள்.

இடைக்கால அறிக்கை ஜூன் 20-க்குள், இறுதி அறிக்கை ஜூலை 25-க்குள் வேண்டும். உங்கள் பணித் திட்டத்தோடு வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்குச் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
தலைவர், தணிக்கைக் குழு