எடைக்கல், அளவை, நாணயம்: தொலைதூர வணிகம் வளர்ந்த வழி

ஒரே ஊருக்குள் கொடுக்கல் வாங்கல் செய்பவர்களிடையே எடையில் ஐயம் எழுந்தால், மறுநாளே நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்து சரக்கு அனுப்பியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முன்பின் அறியாதவரோடு வணிகம் செய்ய வேண்டுமானால், இருவரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அளவு முதலில் வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டுபவை சிந்துவெளியின் எடைக்கற்கள். கனசதுரமாகச் செதுக்கி மெருகேற்றப்பட்ட இக்கற்களின் சிறிய எடைகள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்கின்றன. மிகுதியாகக் கிடைப்பது ஏறத்தாழ 13.7 கிராம் எடையுள்ளது. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் குஜராத்தின் லோத்தலிலும் ஒரே முறை வழங்கியது வியப்புக்குரியது. அதைவிட வியப்பு, அக்காலத்தில் தில்முன் எனப்பட்ட பஹ்ரைனிலும் அதே அளவையொட்டிய எடைகள் கிடைத்திருப்பது. மெசொப்பொத்தேமியாவிலோ ஏறத்தாழ 8.4 கிராம் கொண்ட சேக்கல் வழங்கியது. இரு முறைகளுக்கும் இடையே கணக்கு மாற்றத் தெரிந்த வணிகர்கள் இருந்ததால்தான், செம்பும் மணிகளும் பாரசீக வளைகுடா வழியாகக் கைமாற முடிந்தது. இவையெல்லாம் நாணயம் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை என்பதை மறக்கலாகாது.

நாணயம் சேர்ந்தபோது ஒவ்வொரு முறையும் உலோகத்தை நிறுத்து, உரசிப் பார்க்கும் உழைப்பு குறைந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிறி பாப்பிரஸ் ஆவணம் இதன் முழுப் பயனையும் காட்டுகிறது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த தந்தம், நறுமணப் பொருள் முதலியவை அதில் தாலந்து, மினா என்னும் எடைகளில் நிறுக்கப்பட்டு, திரக்மா நாணயத்தில் மதிப்பிடப்பட்டுள்ளன. இப்படிக் கணக்கிட முடிந்ததால்தான் ரோமானிய அரசு நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக வாங்க முடிந்தது. சரக்கை ஈடாகக் காட்டிக் கடன் பெறவும் முடிந்தது. என் பார்வையில், வணிகம் பெருகியதற்கு இந்தக் கடன் வசதியே சந்தை வசதியைவிடப் பெரிய காரணம்: அளந்து சொல்ல முடியாத சரக்கை நம்பி எவரும் பெருந்தொகை தரமாட்டார்.

ஆயினும் நாணயத்தின் மீதுள்ள அரசனின் உருவம் மட்டும் நம்பிக்கையைத் தந்துவிடாது. கோவை, கரூர்ப் பகுதிகளில் ரோமானியப் பேரரசர்களான அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துத் தெனாரியம் என்னும் வெள்ளிக் காசுகள் திரளாகக் கிடைத்துள்ளன. கி.பி. 64இல் பேரரசர் நீரோ தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். அதன்பின் அச்சடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் இந்தியப் புதையல்களில் அரிதாகவே காணப்படுகின்றன. பல காசுகளின் மீது வெட்டுக் குறிகளும் உள்ளன. ரோமிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் இருந்த வணிகரும் காசின் உள்ளீட்டை நன்கறிந்து, தரம் மாறாத பழைய காசையே விரும்பி ஏற்றனர் என்றே இதிலிருந்து கொள்ள வேண்டியுள்ளது.