வருடம் முழுதும் நன்மை தந்தீர்
(65ஆம் சங்கீதம், சபையார் பாட ஒரு கீர்த்தனை)

பாடகர் குழுவுக்கும் சபையாருக்கும்:

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பாட இந்தப் பாட்டு. "வருஷத்தை உம்முடைய நன்மையால் முடிசூட்டுகிறீர்" என்ற வசனம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது 65ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனம். அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துப் பாடி முடித்துவிடாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று வசனங்களையும் வரிசை மாறாமல் எட்டுச் சரணங்களில் அமைத்திருக்கிறேன். மழைக்கும் விளைச்சலுக்கும் நன்றி சொல்கிற இந்தச் சங்கீதம், மழையில் தொடங்கவில்லை. ஜெபத்தில் தொடங்குகிறது, அடுத்துப் பாவமன்னிப்பு, அப்புறம்தான் தண்ணீர். அந்த ஒழுங்கைப் பாட்டிலும் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ராகம்: மோகனம். தாளம்: ஆதி. சுருதி: ஒரு கட்டை. ஆர்மோனியமும் கைத்தாளமும் போதும்.

பல்லவி

வருடம் முழுதும் நன்மை தந்தீர்
அருளை முடியாய்ச் சூட்டும் தேவா

சரணங்கள்

1 (வசனம் 1, 2)
அருகில் கூடித் துதியைச் சொல்லிப்
பொருத்தனையும் செலுத்த வந்தோம்
விண்ணப்பங்கள் கேட்கும் தேவா
மண்ணோர் எல்லாம் உம்மைச் சேர்வார்

2 (வசனம் 3, 4)
பாவம் மிஞ்சி எம்மேல் வந்தும்
தேவா அதனை நீக்கி விட்டீர்
வாசல் உள்ளே சேர்த்துக் கொண்டீர்
ஆசை தீர நன்மை உண்போம்

3 (வசனம் 5, 6)
கடலுக் கப்பால் வாழ்வோர் கூடத்
திடமாய் நம்பும் தேவன் நீரே
வலிமை இடையில் கட்டிக் கொண்டீர்
மலைகள் அசையா வண்ணம் வைத்தீர்

4 (வசனம் 7, 8)
அலையின் ஓசை அமரச் செய்தீர்
கலகக் கூச்சல் ஓயச் செய்தீர்
காலை மாலை மகிழும் உம்மால்
ஞாலம் எங்கும் உம்முன் அஞ்சும்

5 (வசனம் 9)
மண்ணை நேரில் பார்க்க வந்தீர்
தண்ணீர் பாய்ச்சிக் குளிரச் செய்தீர்
நிறையும் தேவ நதியின் நீரால்
குறைவில்லாமல் கதிரும் தந்தீர்

6 (வசனம் 10)
விரிந்த படைசால் நீரால் நிறைய
வரப்பு தணிய மழையைத் தந்தீர்
முளைத்த பயிரை ஆசீர்வதித்து
விளையும் மட்டும் காத்து வந்தீர்

7 (வசனம் 11, 12)
போகும் பாதை நெய்யாய்ப் பொழியும்
மேகம் பாலை மீதும் பெய்யும்
மேடும் குன்றும் பூரித்தாடும்
காடும் கரையும் சேர்ந்து பாடும்

8 (வசனம் 13)
துள்ளும் ஆட்டால் வெளிகள் நிறையும்
பள்ளம் எல்லாம் பயிரே பயிரே
கெம்பீரித்துப் பாடும் அவையே
நம்பி நாமும் சேர்ந்தே பாட

(வருடம் முழுதும்…)

பாடும் முறை

ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர். ஒவ்வொரு சீருக்கும் நான்கு மாத்திரை, அதாவது ஒரு "தகதிமி". நான்கு தகதிமி சேர்ந்தால் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் முடிந்துவிடும். வரி தொடங்கும் இடமும் தாளம் தொடங்கும் இடமும் எப்போதும் ஒன்றே. எடுப்பில் ஒதுக்கம் கிடையாது. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் முதல் கடைசிப் பாயில் இருக்கும் பாட்டிமார் வரை ஒரே சமயத்தில் வாயைத் திறக்க இது அவசியம். "பாட", "மிஞ்சி" போல மூன்று மாத்திரையில் நிற்கும் சீர்களில் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள், போதும். "பொருத்தனையும்", "விண்ணப்பங்கள்", "குறைவில்லாமல்", "ஆசீர்வதித்து", "கெம்பீரித்துப்", "பூரித்தாடும்" ஆகியவை இரண்டு சீரில் ஓடும் ஒரே சொல். நடுவில் மூச்சு விடாமல் பாடவும்.

பல்லவி மெட்டு:

வருடம் முழுதும் நன்மை தந்தீர்
க க ப , | த ப க , | ரி , க , | ப , ப , ||

அருளை முடியாய்ச் சூட்டும் தேவா
த த ப , | க க ரி , | ச , ரி , | ச , ச , ||

சரணத்தின் முதல் இரண்டு வரிகள் பஞ்சமத்தில் எடுத்து மேல் ஷட்ஜத்தைத் தொட்டு இறங்கும். மூன்றாம், நான்காம் வரிகளுக்குப் பல்லவி மெட்டே. இரண்டு மெட்டு வந்தால் பாட்டு முழுவதும் வந்துவிடும். கமகம், சங்கதி எதுவும் சேர்க்க வேண்டாம் என்று பாடகர் குழுவை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து கீர்த்தனை நம் ஆராதனையில் நல்ல சங்கீத ஞானத்தோடு வளர்ந்து வந்திருக்கிறது. அந்தப் பாடல்களுக்குச் சங்கதிகள் அழகு. இது சபை பாடுகிற பாட்டு. நீங்கள் ஒரு சங்கதி போட்டால் சபை நின்றுவிடும்.

புத்தகம் பார்த்து வாசிக்க முடியாதவர்கள் நம் சபையில் பலர் உண்டு. அவர்களுக்காகத்தான் ஒவ்வொரு ஜோடி வரிக்கும் எதுகை வைத்தேன்: விண்ணப்பங்கள், மண்ணோர், பாவம், தேவா, படைசாலுக்கு முன் விரிந்த, அதற்கு வரப்பு. முதல் வரி காதில் விழுந்தால் இரண்டாவது வரி தானே நாக்கில் வந்துவிடும். இது சங்கீதத்தின் நடைக்கும் பொருந்துகிறது. எபிரெயக் கவிதை ஒரு கருத்தைச் சொன்னதும் அதையே வேறு சொற்களில் மறுபடியும் சொல்லும், இல்லாவிட்டால் ஒருபடி மேலே கொண்டுபோகும். அலைகளின் இரைச்சலை அமர்த்துகிறார். ஜனங்களின் அமளியையும் அமர்த்துகிறார். இப்படி ஜோடியாக வரும் வசனத்துக்கு ஜோடி வரியும் எதுகையும் இயல்பாகவே அமைகின்றன.

சரணங்களைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நேரம் போதாது என்று யாராவது சரணத்தைக் குறைக்கச் சொன்னால் மூன்றையும் நான்கையும் விட்டுவிடலாம், மனமில்லாமல்தான் சொல்கிறேன். இரண்டாவதை மட்டும் விடவே கூடாது. வருடக் கடைசியில் நாம் எண்ணிப் பார்க்கும் நன்மைகளில் வேலை, வீடு, சுகம், விளைச்சல் எல்லாம் வரும். தாவீதோ அவற்றுக்கெல்லாம் முன்பாக, "எங்கள் மீறுதல்களை நிவிர்த்தியாக்குகிறீர்" என்று பாடுகிறார். மன்னிக்கப்பட்டவர்கள் வாசலுக்குள் சேர்க்கப்படுகிறார்கள், அந்த வீட்டின் நன்மையால் திருப்தியாகிறார்கள். வயலில் மழை பெய்யாத வருடத்திலும் இந்தச் சரணத்தைப் பாடலாம். அதனால் இதை மெதுவாக, ஆர்மோனியத்தின் சத்தத்தைக் குறைத்துப் பாட வேண்டும். "பாவம் மிஞ்சி எம்மேல் வந்தும்" என்ற வரியில் கைத்தாளம் வேண்டாம். "வாசல் உள்ளே" என்ற இடத்தில் திரும்பவும் சேரட்டும்.

ஐந்தும் ஆறும் நம் ஊருக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. பிசான நடவு முடிந்து, தாமிரபரணித் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, வயல் பச்சையாய் நிற்கிற நேரத்தில்தான் இந்த ஆராதனை வருகிறது. படைசால், வரப்பு ஆகிய இரண்டு சொற்களும் நம் வேதாகமத்தில் இந்த வசனத்தில் இருப்பவையே. அவற்றை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. "பூமியை விசாரித்து" என்பதை "மண்ணை நேரில் பார்க்க வந்தீர்" என்று எழுதினேன். தண்ணீர் ஏறியதா என்று பார்க்கக் காலையில் எழுந்து வயலுக்குப் போகிறவர்கள் அந்த வரியைப் பாடும்போது, தேவன் என்ன செய்கிறார் என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு சரணங்களையும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தனியாகப் பாடட்டும். பெரியவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம்.

ஏழில் மேகம் என்ற சொல் வசனத்தில் இல்லை. வனாந்தரத்திலும் பொழிகிறது என்பதைக் காட்டச் சேர்த்தேன். யாருமே உழாத, விதைக்காத இடத்திலும் அவர் மழை பெய்யச் செய்கிறார் என்பதுதான் அந்த வசனத்தின் அழகு. அதனால் "பாலை மீதும்" என்ற இடத்தில் "மீதும்" சற்று அழுத்தமாக வரட்டும்.

எட்டாம் சரணத்தின் கடைசி வரி முற்றுப்பெறாமல் நிற்கும். "நம்பி நாமும் சேர்ந்தே பாட" என்று முடித்து மூச்சு விடாமல் பல்லவிக்குப் போக வேண்டும். பள்ளத்தாக்குகள் பாடுகின்றன என்று சங்கீதம் முடிகிறது. நாமும் அதோடு சேர்ந்துகொள்கிறோம்.

அன்றைய ஒழுங்கு

பாட்டுக்கு முன் உபதேசியார் சொல்ல வேண்டியது:

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இந்த வருடத்தில் நமக்கு நல்ல நாட்களும் இருந்தன, அழுத நாட்களும் இருந்தன. மழை வந்தபோது நன்றி சொன்னோம். வராதபோது வானத்தைப் பார்த்து நின்றோம். ஜெபத்தைக் கேட்கிற தேவன் இரண்டு வேளையிலும் நம் சத்தத்தைக் கேட்டார். நம் மீறுதல்களை நீக்கி, தம் வீட்டுக்குள் நம்மைச் சேர்த்துக்கொண்டார். இப்போது 65ஆம் சங்கீதத்தைப் பாட்டாகப் பாடி அவருக்கு நம் பொருத்தனையைச் செலுத்துவோம். பல்லவியை நான் இரண்டு தடவை பாடுகிறேன். மூன்றாவது தடவை எல்லாரும் சேர்ந்துகொள்ளுங்கள்."

1, 3, 4 ஆகிய சரணங்களை ஆண்கள் இரண்டு வரி, பெண்கள் இரண்டு வரி என்று பிரித்துப் பாடவும். 2 எல்லாரும். 5, 6 பிள்ளைகள். 7 பாடகர் குழு மட்டும். 8 எல்லாரும் எழுந்து நின்று. ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி ஒரு தடவை, எட்டுக்குப் பின் மூன்று தடவை. ஐயர் பாவ அறிக்கைக்கு அழைப்பதற்கு முன்பே இந்தப் பாட்டைப் பாடினால் இரண்டாம் சரணம் இடம் மாறிப்போகும்; எனவே மன்னிப்பின் வசனம் வாசித்த பிறகு, காணிக்கைக்கு முன்பாகப் பாடும்படி அவரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

ஒத்திகை சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கோயிலில். பாட்டுத்தாள் வேண்டியவர்கள் கோயில்பிள்ளையிடம் வாங்கிக்கொள்ளலாம்.